வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நிமோனியா வருவது எப்படி?

(நமது கிளப் ஹவுஸில் ஞாயிறு மாலை நடந்த மருத்துவ உரையாடலில், தீவிர சிகிச்சைப் பிரிவில் 26 ஆண்டுகள் நர்ஸாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டதற்காக இங்கே வெளியிடுகிறோம்.)

போன கூட்டத்தில் இதே இடத்தில் சம்ப் கழுவுவதைப் பற்றிப் பேசினார்கள். மேலே தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் அடியில் தேங்கியிருப்பதுதான் பிரச்சினை என்று பிளம்பர் சொன்னது ஞாபகம் இருக்கும். நான் இன்றைக்குப் பேசப்போவதும் கிட்டத்தட்ட அதேதான். என்னுடைய சம்ப், மனிதருடைய தொண்டைக்குள் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் நம் குடியிருப்பில் இருக்கும் ஒரு சார். அவருடைய அப்பா ஐசியூவில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகு, டிஸ்சார்ஜ் பேப்பரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அதில் 'வென்டிலேட்டர் அசோசியேட்டட் நிமோனியா' என்று ஒரு வரி இருந்தது. "சிஸ்டர், மூச்சுவிட வைத்த மெஷினே அப்பாவுக்கு நோயைக் கொடுத்துவிட்டதா? மெஷினைச் சுத்தமாக வைக்கவில்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பெயரைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அன்றைக்கு லிஃப்ட் வாசலில் நின்று பத்து நிமிடத்தில் சொன்னதை இன்றைக்குக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டு, 48 மணி நேரம் கடந்த பிறகு நுரையீரலில் புதிதாக வரும் தொற்றுக்குத்தான் இந்தப் பெயர். பெயரில் வென்டிலேட்டர் இருந்தாலும், பெரும்பாலும் வழி திறந்துவிடுவது அந்த டியூப்தான். கிருமி வருவது நோயாளியின் சொந்த வாயிலிருந்துதான். மெஷினுக்குள் கிருமி குடியிருந்து அது காற்றோடு போவது என்பது இப்போது வில்டர் வைத்த குழாய்களில் அரிது.

எப்படி என்று பார்ப்போம். நாம் எல்லோருமே தூக்கத்தில் கொஞ்சம் எச்சிலை மூச்சுக்குழாய்ப் பக்கம் விடுகிறோம். ஆனால் நமக்குக் குரல்வளை மூடும், இருமல் வரும், மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் சளியை மேலே தள்ளும். டியூப் போட்டவுடன் இந்த மூன்று காவலும் போய்விடுகின்றன. குரல்வளையை மூட முடியாது, ஏனென்றால் நடுவில் டியூப் நிற்கிறது. கதவிடுக்கில் கட்டை வைத்த மாதிரி.

டியூபின் கீழ்முனையைச் சுற்றி ஒரு சின்ன பலூன் இருக்கும். அதை நாங்கள் கஃப் என்போம். உள்ளே போகும் காற்று பக்கவாட்டில் கசியாமல் இருக்க அதை ஊதிவைப்பார்கள். வாயிலிருந்து இறங்கும் எச்சில், மூக்கிலிருந்து வரும் சளி, சில நேரம் இரைப்பையிலிருந்து ஏறிவரும் உணவு, எல்லாம் இந்தப் பலூனுக்கு மேலே வந்து தேங்கும். அதுதான் நான் சொன்ன சம்ப். பலூன் என்னதான் ஊதியிருந்தாலும் அதில் மெல்லிய மடிப்புகள் விழும். அந்த மடிப்புகள் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தி ஊதலாமே என்று கேட்பீர்கள். அதிகம் ஊதினால் மூச்சுக்குழாயின் சுவரில் ரத்த ஓட்டம் நின்று புண்ணாகும். அதனால் 20-லிருந்து 30 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தத்துக்குள் வைத்திருக்க வேண்டும். கையால் அமுக்கிப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அதற்கென்று ஒரு சின்ன மானி இருக்கிறது, அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்கள் எல்லோரும் விரலால்தான் அமுக்கிப் பார்த்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு விஷயமும் சேர்கிறது. கடுமையாக நோய்வாய்ப்பட்டவரின் வாயில் இருக்கும் கிருமிகளே சில நாட்களில் மாறிவிடுகின்றன. நம் வாயில் சாதாரணமாக இருக்கும் சாதுவான கிருமிகளின் இடத்தில் க்ளெப்சியெல்லா, அசினெட்டோபேக்டர், சூடோமோனாஸ் போன்றவை வந்து உட்காரும். நம் ஊர் ஐசியூக்களில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் இவை. இவற்றில் பல, சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அசையாதவை. இவை ஒரு நோயாளியின் படுக்கையிலிருந்து இன்னொருவருக்குப் போவது பெரும்பாலும் எங்கள் கைகள் வழியாகத்தான். கை கழுவுவதைப் பற்றி நாங்கள் ஏன் அவ்வளவு சண்டை போடுகிறோம் என்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 61 வயது அம்மா. பல வருடங்களாக நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி. மூச்சுத்திணறல் அதிகமாகி வந்தார். முதலில் முகத்தில் மாஸ்க் வைத்து அழுத்தத்தோடு காற்றுக் கொடுத்தார்கள். சிஓபிடிக்காரர்களுக்கு அது பல நேரம் போதும், டியூபே தேவைப்படாது. இவருக்குப் போதவில்லை. திங்கள் இரவு டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம். புதன்கிழமைக்குள் நன்றாக நிலைத்துவிட்டார். மெஷினில் ஆக்சிஜன் 35 சதவீதம் போதுமாக இருந்தது. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலைச் சற்றே விரித்துவைத்திருக்கும் அழுத்தத்தை பீப் என்பார்கள், அது 5-ல் இருந்தது. எல்லாம் சரியாகப் போனால் சனிக்கிழமை டியூபை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை காய்ச்சல் வந்தது, 38.2 டிகிரி செல்சியஸ். ட்யூட்டி டாக்டர் புதிதாக வந்தவர். உடனே நிமோனியா என்று ஆன்டிபயாடிக் எழுதப் பேனாவை எடுத்தார். பெரிய டாக்டர் அவரை நிறுத்தி, "ஆக்சிஜன் கூடியிருக்கிறதா? சளி மாறியிருக்கிறதா?" என்று என்னிடம் கேட்டார். இரண்டும் மாறவில்லை. போர்வையை விலக்கிப் பார்த்தால், கையில் டிரிப்ஸ் ஏற்றும் ஊசி போட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. ஊசியை எடுத்து வேறு கையில் போட்டோம். மறுநாள் காலை காய்ச்சல் இல்லை. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு வரும் காய்ச்சல் எல்லாம் நுரையீரலிலிருந்து வருவதில்லை. சிறுநீர்க் குழாய், ரத்தக்குழாயில் போட்ட ஊசி, மருந்து, காலில் உறைந்த ரத்தம் என்று அதற்குப் பல வாசல்கள் உண்டு.

வெள்ளிக்கிழமை இரவுதான் உண்மையான மாற்றம் தொடங்கியது. அதை முதலில் பார்த்தது எந்த மெஷினும் இல்லை, இரவு ட்யூட்டி நர்ஸ். அதுவரை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை சக்‌ஷன் போட்டால் மெல்லிய வெள்ளைச் சளி வரும். அன்றிரவு மணிக்கு ஒரு முறை போட வேண்டியிருந்தது, கெட்டியாக, மஞ்சளும் பச்சையுமாக வந்தது. அவர் அதைச் சார்ட்டில் நேரத்தோடு எழுதியிருந்தார். சனிக்கிழமை காலைக்குள் காய்ச்சல் 38.6. அதே ரத்த ஆக்சிஜனை வைத்திருக்க மெஷினில் 35-லிருந்து 55 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. பீப் 5-லிருந்து 8 ஆனது. எக்ஸ்ரேயில் வலது கீழ்ப்பகுதியில் முந்தின படத்தில் இல்லாத வெள்ளை நிழல்.

ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் கூடியிருந்தன. ஆனால் டாக்டர் அதை அதிகம் பொருட்படுத்தவில்லை. சிஓபிடிக்காக அந்த அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தது, ஸ்டீராய்டே வெள்ளை அணுக்களைக் கூட்டும். எக்ஸ்ரே நிழலையும் அவர் உடனே நம்பவில்லை. நிழல் என்றால் கிருமி என்று அர்த்தமில்லை. நுரையீரலில் நீர் கோத்தாலும் நிழல் விழும். ஒரு சளிக்கட்டி காற்றுப்பாதையை அடைத்து அந்தப் பகுதி சுருங்கிப்போனாலும் நிழல் விழும், ஆனால் பிசியோதெரபி செய்து சளியை எடுத்தால் அது பெரும்பாலும் ஓரிரு நாளில் மறைந்துவிடும். இவருக்குச் சளியை எடுத்த பிறகும் ஆக்சிஜன் தேவை இறங்கவில்லை, அல்ட்ராசவுண்டில் நீர் கோத்த அடையாளமும் இல்லை. ஆக, புதிய நிழல், காய்ச்சல், நிறம் மாறிய சளி, கூடிவிட்ட ஆக்சிஜன் தேவை, இத்தனையும் ஒரே திசையில் காட்டின. அப்போதுதான் சார்ட்டில் 'சந்தேகம்' என்று எழுதினார். 'சந்தேகம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்த நோயை 'ஆம், இல்லை' என்று ஒரே அடியில் சொல்லும் டெஸ்ட் கிடையாது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு அடையாளமும் ஏமாற்றும். சேர்த்துப் பார்த்தால்தான் நம்பலாம்.

அடுத்து நடந்தது வரிசை முக்கியமான வேலை. டியூப் வழியாக மெல்லிய குழாயை விட்டு, சளியை ஒரு சுத்தமான சின்ன பாட்டிலில் பிடித்து கல்ச்சருக்கு அனுப்பினோம். அதன் பிறகுதான் முதல் டோஸ் ஆன்டிபயாடிக். மருந்தை முதலில் போட்டுவிட்டால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். அப்புறம் எந்தக் கிருமி, எந்த மருந்து என்று தெரியாமல் இருட்டில் தேட வேண்டியதுதான். அதே நேரம், முடிவு வரும் வரை மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது. முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால் அந்த ஐசியூவில் வழக்கமாக வரும் கிருமிகளை மனதில் வைத்து மெரோபெனம் தொடங்கினார்கள். திங்கள்கிழமை மாலை க்ளெப்சியெல்லா என்று முடிவு வந்தது. நல்லவேளை, அதைவிடக் கீழ்ப்படி மருந்துக்கே கட்டுப்படும் வகை. உடனே பிபரசிலின்-டாசோபாக்டத்துக்கு இறக்கினார்கள்.

"இன்னும் நாலு நாள் கூட மருந்து கொடுத்தால் நல்லதுதானே" என்று அவருடைய மகன் கேட்டார். முன்பு நாங்களும் இரண்டு வாரம் கொடுத்தவர்கள்தான். 2003-ல் பிரான்சில் 51 ஐசியூக்கள் சேர்ந்து, பாதிப் பேருக்கு 8 நாளும் பாதிப் பேருக்கு 15 நாளும் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பில் வித்தியாசம் இல்லை. இப்போது பெரும்பாலானவர்களுக்கு 7 நாள் என்பது வழக்கம். கூடுதல் நாட்கள் கொடுப்பது மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்ப்பதில் போய் முடியும். இதோடு சேர்ந்த இன்னொன்று: நோயாளி நன்றாக இருக்கும்போது சளி கல்ச்சரில் ஏதாவது கிருமி வளர்ந்தால், அதற்கு மருந்து கிடையாது. டியூபில் சும்மா குடியேறிய கிருமிகள் எப்போதும் இருக்கும். ரிப்போர்ட்டில் கிருமி பெயர் இருந்தும் டாக்டர் மருந்து எழுதவில்லை என்றால், அது அலட்சியமாக இருக்க வேண்டியதில்லை.

அந்த அம்மாவுக்குச் சனிக்கிழமை எடுக்க வேண்டிய டியூபை அதற்கடுத்த வியாழக்கிழமைதான் எடுத்தோம். 11-வது நாள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கூடுதல் நாட்களில் கால் தசை எல்லாம் கரைந்து, எழுந்து நிற்க மூன்று வாரம் ஆயிற்று.

இப்போது சொல்லக் கஷ்டமான பகுதி. சனிக்கிழமை எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு, நான் அந்தக் கட்டிலின் தலைப்பக்கச் சாய்வை அளந்து பார்த்தேன். எங்கள் சார்ட்டில் நாலு மணிக்கு ஒரு முறை '30 டிகிரி' என்று டிக் போட்டிருந்தோம். என் கையெழுத்தும் அதில் இருந்தது. அளந்தால் 18. யாரும் பொய் எழுதவில்லை. நோயாளி மெதுவாகக் கீழே சரிவார், அவரை மேலே இழுத்துவிடக் கட்டிலைத் தட்டையாக்குவோம், மறுபடி உயர்த்தும்போது கண் அளவில் நிறுத்துவோம். கண்ணுக்கு 18 டிகிரியும் 30 டிகிரி மாதிரிதான் தெரியும். வேண்டுமானால் வீட்டில் போனில் இருக்கும் கோண அளவியை வைத்துப் பாருங்கள், 30 டிகிரி என்பது நீங்கள் நினைப்பதைவிட நிமிர்ந்திருக்கும்.

இரண்டாவது, புதன் வியாழன் இரண்டு நாளும் தூக்க மருந்தை நாங்கள் நிறுத்திப் பார்க்கவில்லை. செவ்வாய் இரவு அந்த அம்மா பதற்றத்தில் டியூபை இழுக்கப் பார்த்தார். மகள் அழுதுகொண்டே "அம்மாவைத் தூங்கவே வையுங்கள் சிஸ்டர், அவஸ்தைப்படுவதைப் பார்க்க முடியவில்லை" என்றார். எங்களுக்கும் அது வசதியாக இருந்தது, உண்மையைச் சொன்னால். இந்த இரண்டினால்தான் நிமோனியா வந்தது என்று நான் சொல்ல முடியாது. இரண்டும் சரியாக இருந்தும் வந்திருக்கலாம். ஆனால் அந்த வாரத்துக்குப் பிறகுதான் எங்கள் பிரிவில் எல்லாக் கட்டிலிலும் கோணம் காட்டும் அளவியை ஒட்டினோம்.

இந்த இடத்தில் 'கேர் பண்டில்' என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். ஒரு கட்டாகச் சேர்த்துச் செய்யும் சில எளிய வேலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஐஎச்ஐ என்ற அமைப்பு 2004 டிசம்பரில் ஒரு லட்சம் உயிர்களைக் காப்போம் என்று ஓர் இயக்கம் தொடங்கியது. அதில் வென்டிலேட்டர் நோயாளிக்கு நாலு வேலைகளைச் சொன்னார்கள். தலைப்பக்கம் 30-லிருந்து 45 டிகிரி உயர்த்துவது, தினமும் தூக்க மருந்தை நிறுத்தி டியூபை எடுக்க முடியுமா என்று பார்ப்பது, இரைப்பைப் புண் வராமல் தடுப்பது, காலில் ரத்தம் உறையாமல் தடுப்பது. கடைசி இரண்டும் நிமோனியாவை நேரடியாகத் தடுப்பவை இல்லை, வென்டிலேட்டரில் கிடப்பவருக்கு வரும் வேறு ஆபத்துகளுக்கானவை. 2010-ல் வாயைக் குளோர்ஹெக்சிடின் மருந்தால் சுத்தம் செய்வதை ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். இதில் மதிப்பெண் போடும் முறைதான் எனக்குப் பிடித்தது. நாலில் மூன்று செய்தால் 75 கிடையாது. ஒன்று விட்டுப்போனாலும் அன்றைக்கு அந்த நோயாளிக்குச் சைபர்.

கட்டில் சாய்வுக்கு ஆதாரம் பார்சிலோனாவில் 1999-ல் வந்த ஆய்வு. 86 நோயாளிகள். பாதிப் பேரைச் சாய்த்து உட்காரவைத்த நிலையிலும், மற்றவர்களைத் தட்டையாகவும் வைத்தார்கள். நிமோனியா சந்தேகம் சாய்ந்திருந்தவர்களில் 8 சதவீதம், தட்டையாகப் படுத்தவர்களில் 34 சதவீதம். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். சாய்ந்திருந்தால் இரைப்பையில் இருப்பது மேலே ஏறிவருவது குறையும், காரணம் அவ்வளவு சாதாரணமானது. மூக்குக் குழாய் வழியாக உணவு போய்க்கொண்டிருப்பவருக்கு இது இன்னும் முக்கியம். ஆனால் 2006-ல் நெதர்லாந்தில் 45 டிகிரி என்று திட்டமிட்டுக் கருவி வைத்து அளந்தபோது, பெரும்பாலான நேரம் 45 வரவே இல்லை, முப்பதைக்கூட எட்டவில்லை. அந்த ஆய்வில் நிமோனியாவிலும் வித்தியாசம் தெரியவில்லை. அதைப் படித்தபோது எங்கள் 18 டிகிரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. முதுகெலும்பு உடைந்தவர், ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியவர் போன்ற சிலரை அவ்வளவு நிமிர்த்த முடியாது என்பதும் உண்டு.

தூக்க மருந்தைத் தினமும் நிறுத்துவதைத்தான் குடும்பத்தாருக்குப் புரியவைப்பது கஷ்டம். 2000-ல் சிகாகோவில் 128 பேரை வைத்துப் பார்த்தார்கள். தினமும் காலையில் மருந்தை நிறுத்தி எழுப்பியவர்கள் சராசரியாக 4.9 நாளில் வென்டிலேட்டரிலிருந்து வெளியே வந்தார்கள், மற்றவர்களுக்கு 7.3 நாள் ஆனது. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சம்ப் நிரம்பும் நாள்தான். இரண்டு நாள் முன்னதாக எடுத்தால் இரண்டு நாள் ஆபத்து குறைகிறது. நடைமுறை என்னவென்றால், காலையில் மருந்தை நிறுத்துவோம், பக்கத்திலேயே ஒரு நர்ஸ் நிற்பார். நோயாளி கண் திறந்து, "நாக்கை நீட்டுங்கள்", "கையை அழுத்துங்கள்" என்றால் செய்கிறாரா என்று பார்ப்போம். மெஷினின் உதவியைக் குறைத்து அரை மணி நேரமோ கொஞ்சம் கூடவோ தானாக மூச்சுவிடுகிறாரா என்று பார்ப்போம். தாங்காவிட்டால் மருந்தை மறுபடி தொடங்குவோம், பெரும்பாலும் முன்பு கொடுத்ததைவிடக் குறைவாக. வலிப்பு தொடர்கிறவர்கள், மூளைக்குள் அழுத்தம் கூடியவர்கள் போன்றவர்களுக்கு இதைச் செய்வதில்லை. நீங்கள் பார்க்கப் போகும்போது அப்பா விழித்துக்கொண்டு கண்ணில் தண்ணீரோடு இருந்தால், "ஏன் எழுப்பினீர்கள்" என்று நர்ஸோடு சண்டைக்குப் போகாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கு என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள். எங்கள் மருந்தைவிட அது நன்றாக வேலை செய்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

வாய் சுத்தத்தின் கதை வேறு மாதிரி. குளோர்ஹெக்சிடினை நாங்கள் பத்து வருடத்துக்கு மேல் பக்தியோடு பூசினோம். பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நிமோனியா தெளிவாகக் குறையவில்லை, இறப்பு சற்றுக் கூடியிருக்கலாமோ என்ற சந்தேகமும் வந்தது. அமெரிக்கத் தொற்றுத் தடுப்பு அமைப்பான ஷியா 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியில் அதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன் இடத்தில் வந்தது என்ன தெரியுமா? பல் தேய்ப்பது. சாதாரண மிருதுவான பிரஷ். பல்லில் படியும் பிசுக்குப் படலத்தைத் துடைத்தெடுக்க மருந்தைவிட பிரஷ்தான் உதவுகிறது. வாயில் டியூப் இருக்கும்போது ஒருவர் டியூபைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பிரஷ் செய்து, தேங்கும் தண்ணீரை உடனுக்குடன் உறிஞ்ச வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. ஆள் குறைவான இரவில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

பலூனுக்கு மேலே தேங்குவதை உறிஞ்சவே தனித் துளை வைத்த டியூப்களும் உண்டு. சில நாட்களுக்கு மேல் வென்டிலேட்டர் தேவைப்படும் என்று தெரிந்தால் அதைப் போடுவது நல்லது, ஆனால் விலை கூடுதல், எல்லா இடத்திலும் இருக்காது. வென்டிலேட்டரின் வெளிக் குழாய்களைத் தினமும் மாற்றச் சொல்லிப் பலர் கேட்பார்கள். அழுக்கானாலோ பழுதானாலோ மாற்றினால் போதும். தினமும் கழற்றி மாட்டுவதால் நிமோனியா குறைவதில்லை. அதில் கோத்து நிற்கும் நீரை நோயாளி பக்கம் சாயாமல் வடித்துவிட வேண்டும், அதுதான் முக்கியம்.

இவ்வளவு செய்தாலும் இந்த நோய் வரும். சில ஆஸ்பத்திரிகள் "எங்களிடம் வென்டிலேட்டர் நிமோனியா சைபர்" என்று போர்டு வைப்பார்கள். எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். ஐசியூவில் 10 வென்டிலேட்டர் 30 நாளும் ஓடினால் 300 வென்டிலேட்டர் நாட்கள். அதில் 3 பேருக்கு வந்தால், ஆயிரம் நாளுக்கு 10 என்று எழுதுவார்கள். ஆனால் எக்ஸ்ரே நிழலை நீர் என்றும் சொல்லலாம், நிமோனியா என்றும் சொல்லலாம். கண்டிப்பாகப் பார்த்தால் எண் கூடும், கண்ணை மூடிக்கொண்டால் குறையும். இதற்காகவே அமெரிக்க சிடிசி 2013-ல் எக்ஸ்ரேயை விட்டுவிட்டு, மெஷினில் தெரியும் எண்ணைப் பிடித்தது. இரண்டு நாள் நிலையாக இருந்தவருக்கு பீப் 3 கூடியோ ஆக்சிஜன் 20 சதவீதப் புள்ளி கூடியோ இரண்டு நாள் அப்படியே நின்றால் கணக்கில் எழுது என்றது. அது நிமோனியாவை மட்டும் பிடிக்காது, நீர் கோப்பதையும் பிடிக்கும். சிகிச்சையை முடிவுசெய்ய அது உதவாது, ஆஸ்பத்திரி தன்னைத்தானே அளந்துகொள்ள உதவும்.

கடைசியாக ஒன்று, நம் ஊருக்கே உரியது. ஐசியூவில் பார்வை நேரத்தில் கோயில் தீர்த்தமும் துளசித் தண்ணீரும் கங்கா ஜலமும் பைக்குள் வரும். நாங்கள் திரும்பும் நேரம் பார்த்து நாலு சொட்டு வாயில் விடுவார்கள். அன்பினால் செய்வதுதான், எனக்குத் தெரியும். டியூப் போட்டவரால் அதை விழுங்க முடியாது. நேரே பலூன் மேலே போய் நிற்கும். தயவுசெய்து நெற்றியில் வையுங்கள், நாங்களே வைத்துவிடுகிறோம்.

(உரைக்குப் பின் கேள்விகள் கேட்கப்பட்டன. அவற்றில் இரண்டு.)

"பத்து நிமிடப் பார்வை நேரத்தில் நாங்கள் என்ன கேட்கலாம், மேடம்?"

இரண்டு கேட்டால் போதும். "இன்றைக்குத் தூக்க மருந்தை நிறுத்திப் பார்த்தீர்களா?", "டியூப் எப்போது எடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள்?" நேற்றைக்கும் இன்றைக்கும் ஆக்சிஜன் சதவீதம் எவ்வளவு என்றும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளலாம். குற்றம் சொல்லும் குரலில் கேட்காதீர்கள். கட்டில் தாழ்ந்திருந்தால், "கொஞ்சம் உயர்த்தலாமா சிஸ்டர்" என்றால் போதும். நீங்களாகப் பட்டனை அமுக்காதீர்கள், டியூப் இழுபடும்.

அடுத்தது ஏ பிளாக் பத்தாம் வகுப்புப் பையன் கேட்டது: "ஆன்டி, அந்தப் பாட்டி அப்புறம் பேசினார்களா?"

பேசினார், தம்பி. டியூப் எடுத்த பிறகு சில நாள் குரல் கரகரவென்று இருக்கும். அவர் முதலில் கேட்டது காபி. உடனே கொடுக்கவில்லை. 11 நாள் டியூப் இருந்த தொண்டைக்கு விழுங்கும் பழக்கம் கொஞ்சம் மறந்திருக்கும், காபி நுரையீரலுக்குள் போனால் மறுபடி முதலிலிருந்து. முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீர், இருமல் வருகிறதா என்று பார்த்தோம், வந்தது. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் காலையில் அரை டம்ளர் காபி. சர்க்கரை போதவில்லை என்று என்னைத் திட்டினார்.